மேசையைத் தரையில் நிற்க வைப்பது: ஏஐ படத்தில் அளவும் கோணமும் சரிசெய்த பதிவு

மரப்பட்டறை நடத்தும் ஓர் அண்ணனுக்காகச் செய்த வேலை இது. தேக்கில் ஓர் எழுது மேசைக்கு அவரிடம் ஆர்டர் வந்திருந்தது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2½ அடி உயரம், 2 அங்குலச் சதுரக் கால்கள் நான்கு. மரம் அறுக்கும் முன் வாடிக்கையாளருக்கு மேசை ஹாலில் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். மேசை இன்னும் செய்யப்படவில்லை, அதனால் போட்டோ எடுக்க வழியில்லை. சரி, ஏஐ படமாகச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். என் கணினியிலேயே ஓடும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் மாடல், அதை இயக்க ஃபோர்ஜ், கோடு போடவும் வண்ணம் தீட்டவும் கிரிட்டா. இவ்வளவுதான் கருவிகள்.

முதலில் எல்லோரும் செய்வதுபோல அறை, மேசை இரண்டையும் ஒரே ப்ராம்ப்ட்டில் எழுதிப் பார்த்தேன். பார்த்தவுடன் அழகாகத்தான் இருந்தது. அண்ணன் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "தம்பி, பின்னால இருக்கிற கதவோட பூட்டு உசரத்துக்கு மேசை நிக்குது. இதுல உக்காந்து எழுதணும்னா நாற்காலிக்கு அடியில பலகை போடணும்" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. கதவுப் பூட்டு வழக்கமாகத் தரையிலிருந்து 3 அடிக்கு மேலே இருக்கும். படத்தில் இருந்த மேசை கதவுக்குப் பக்கத்திலேயே நின்றும் அந்த உயரத்தைத் தொட்டது. பின்கால்களில் ஒன்று தரையில் எங்கே ஊன்றியிருக்கிறது என்றே தெரியவில்லை.

ப்ராம்ப்ட்டில் 30 inches high, 4 feet wide என்றெல்லாம் எழுதினால் சரியாகும் என்று தோன்றும். ஆகாது. மாடலுக்கு அளவுகோல் கிடையாது. சொற்களுக்கும் படங்களுக்கும் இடையே பழகிய தொடர்புதான் அதற்குத் தெரியும். மேசை என்று எழுதினால், மேசையே நாயகனாக நிற்கும் கடை விளம்பரப் படத்தை நோக்கி அது சாயும். அப்படிப்பட்ட படத்தில் மேசை சட்டத்தை நிறைத்து நிற்கும், பின்னால் அறை சும்மா திரைபோலத் தொங்கும். அறைக்கு ஓர் அளவு, மேசைக்கு ஓர் அளவு என்று இரண்டும் தனித்தனியாகப் பிறந்து ஒரே படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்குலக் கணக்கு எழுதுவது இந்த இரண்டையும் சேர்த்து வைக்காது.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தேன். முதலில் மேசையே இல்லாத வெற்று அறை. அந்த அறைக்குள்ளேயே அளக்கத் தக்க பொருள்கள் இருக்க வேண்டும். அப்புறம் அந்த அறையின் அளவுக்கு உட்பட்டு மேசை. அளவை எண்ணாகச் சொன்னால் மாடல் கேட்காது. அளந்து பார்க்க வசதியான கதவையும் தரை ஓட்டையும் அறைக்குள் வைக்கச் சொன்னால் வைக்கும்.

வெற்று அறை

அறைக்கு நான் எழுதிய ப்ராம்ப்ட் இது. படத்தின் அளவு 1344 × 768 பிக்சல்.

```
empty living room, straight-on view of the back wall, level camera at chest height,
one-point perspective, large square glossy white floor tiles in a straight grid,
plain teak door on the left of the back wall, window on the left side wall,
soft daylight, photo
```

இதில் ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஒரு வேலை செய்கிறது. பின்சுவரை நேராகப் பார்க்கும் கோணம் என்பதால் சுவரும் கதவும் சாயாமல் நேராக நிற்கும், தரை ஓட்டின் இணைப்புக் கோடுகள் மட்டும் உள்நோக்கி ஓடும். கேமரா நெஞ்சு உயரத்தில் மட்டமாக இருக்கச் சொன்னால் கதவு நிலைகள் மேலே குறுகாது. சதுர ஓடுகள் தரையை வரைபடத் தாளாக்கிவிடும். கதவு என் அளவுகோல். நம் ஊர் வீடுகளில் கதவு பெரும்பாலும் 7 அடி, அதைப் பார்த்துப் பழகிய கண்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். wide angle என்று எழுதவே கூடாது. எழுதினால் ஓரங்கள் இழுபட்டு, ஓரத்தில் வைக்கும் எந்தச் சாமானும் நீண்டு தெரியும். spacious, luxury போன்ற சொற்களும் வேண்டாம். அவற்றை எழுதினால் கூரை ஏறிக்கொண்டே போய், கதவு 9 அடிக் கதவு மாதிரி வந்துவிடும்.

கிடைத்த அறைகளில் பார்க்க நன்றாக இருந்தவை பல, அளந்து பார்த்தால் தேறியவை சில. சோதிக்கும் முறை எளிது. கிரிட்டாவில் படத்தைத் திறந்து, உள்நோக்கி ஓடும் ஓட்டு இணைப்புகளில் இரண்டைத் தேர்ந்து கோடு நீட்ட வேண்டும். இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும், அதுதான் மறைபுள்ளி. இன்னொரு இணைப்பையும் நீட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் கிட்டத்தட்ட அதே புள்ளியில் வந்து சேர்ந்தால் தரை நம்பத்தக்கது. ஒவ்வொரு கோடும் வெவ்வேறு இடத்துக்கு ஓடினால் அந்த அறையை அங்கேயே விட்டுவிட வேண்டும். அதில் எதை வைத்தாலும் நிற்காது.

இரண்டாவது சோதனை மூலைவிட்டம். ஓர் ஓட்டின் முன் மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டு, அதே கோட்டைப் பின்னால் நீட்டினால் அடுத்தடுத்த ஓடுகளின் மூலைகளையும் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ஏஐ அறைகளில் அதிகம் தவறுவது இங்கேதான். உள்ளே ஓடும் கோடுகள் சரியாகச் சேரும், ஆனால் குறுக்குக் கோடுகளின் இடைவெளி முறையாகக் குறையாது. முன்வரிசை ஓடு சதுரமாகவும் மூன்றாவது வரிசை நீள்செவ்வகமாகவும் இருக்கும். சும்மா பார்க்கும்போது தெரியாது. மேசையின் அகலத்தை அந்தத் தரையில் வைக்கப்போகும்போது பின்கால் தப்பான இடத்துக்குப் போகும்.

தேறிய அறையில் மறைபுள்ளி படத்தின் இடது ஓரத்திலிருந்து 672, மேலிருந்து 350 பிக்சலில் விழுந்தது. அந்த 350இல் படம் முழுக்க ஒரு கிடைக்கோடு போட்டேன். இதுதான் கண்மட்டக் கோடு, கேமரா இருந்த உயரம். அறையில் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அந்த உயரத்தில் உள்ள எல்லாம் இந்தக் கோட்டின் மேல்தான் இருக்கும்.

கேமரா உயரம் எத்தனை அடி என்று கதவு சொல்லும். கதவின் அடி 590இல், மேல் விளிம்பு 170இல். ஆக, 7 அடிக் கதவு 420 பிக்சல். கதவடியிலிருந்து கண்மட்டக் கோடு வரை 240 பிக்சல். 420க்கு 7 அடி என்றால் 240க்கு 4 அடி. கேமரா 4 அடி உயரத்தில் இருக்கிறது. பின்சுவரில் ஓர் அடிக்கு 60 பிக்சல் என்பதும் இதிலேயே கிடைத்துவிட்டது. சுவரோரம் ஓர் ஓட்டின் அகலத்தை அளந்தேன், ஏறத்தாழ 120 பிக்சல். அதாவது 2 அடி ஓடு. கதவும் ஓடும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. ஓடு 90 பிக்சல் வந்திருந்தாலும் தவறில்லை, அது 1½ அடி ஓடு என்று எடுத்துக்கொண்டு எண்ண வேண்டும், அவ்வளவுதான். 150 வந்திருந்தால்தான் சந்தேகம்: கதவு சிறியதா, ஓடு பெரியதா என்று பார்ப்பவர் கண் தடுமாறும். சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் அதையும் பார்க்கலாம். வீடுகளில் அது தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி, 4½ அடியில் இருக்கும் என்பதால், இந்தப் படத்தில் கண்மட்டக் கோட்டை ஒட்டி அல்லது சற்று மேலே வர வேண்டும்.

மேசைக்கு இடம் குறிப்பது

கண்மட்டக் கோடு கிடைத்தபின் ஒரே ஒரு விதியை வைத்து எந்தச் சாமானின் உயரத்தையும் கண்டுவிடலாம். கேமரா 4 அடியில் இருந்தால், தரையில் எந்த இடத்தில் காலை ஊன்றினாலும், அந்த இடத்திலிருந்து கண்மட்டக் கோடு வரை 4 அடி. கிட்டத்தில் வைத்தால் அந்த 4 அடி பிக்சலில் நீளமாக இருக்கும், தூரத்தில் குட்டையாக இருக்கும், ஆனால் எப்போதும் 4 அடிதான். 2½ அடி மேசை அதில் எட்டில் ஐந்து பங்கு ஏறும்.

முன்கால்களை 670இல் ஊன்ற முடிவு செய்தேன், ஏனென்றால் அங்கே ஓர் ஓட்டு இணைப்பு குறுக்கே ஓடியது. 670க்கும் 350க்கும் இடையே 320 பிக்சல். அதில் எட்டில் ஐந்து 200. மேசையின் முன் மேல்விளிம்பு 470இல் வரும். அடிக்கடி செய்ய வேண்டிய கணக்கு என்பதால் இரண்டு வரியில் எழுதி வைத்துக்கொண்டேன்:

```python
horizon, foot, cam, height = 350, 670, 4.0, 2.5
print(foot - (foot - horizon) * height / cam)   # 470.0
```

அந்த இடத்தில் ஓர் அடிக்கு 80 பிக்சல், அதனால் 4 அடி நீளம் 320 பிக்சல். 2 அடி ஓட்டில் சரியாக இரண்டு ஓட்டு நீளம். மேசையின் அகலம் 2 அடி, அதாவது ஓர் ஓடு. எனவே பின்கால்கள் அடுத்த குறுக்கு இணைப்பில் ஊன்ற வேண்டும். அந்த இணைப்பு 622இல் இருந்தது. அங்கே ஓர் அடிக்கு 68 பிக்சல், மேசையின் பின் மேல்விளிம்பு 452 வாக்கில் வரும். முன் விளிம்பு 470, பின் விளிம்பு 452. மேற்பலகை வெறும் 18 பிக்சல் பட்டையாகத்தான் தெரியும். இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மாடல் தானாக வரைந்த மேசைகளில் மேற்பலகை எப்போதும் அகலமாகத் திறந்து தெரிந்தது. நின்றபடி மேலிருந்து பார்த்த மேசையை, நெஞ்சு உயரத்தில் பார்த்த அறைக்குள் வைத்ததுபோல. கால் தரையில் பட்டிருந்தாலும் அப்படிப்பட்ட மேசை முன்பக்கம் சரிந்து விழப்போவதுபோல் தோன்றும்.

இடது முன்கால் எங்கே என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. முதலில் 760இல் வைத்தேன். பின்கால்கள் மறைபுள்ளியை நோக்கி நகர வேண்டும், அதன்படி இடது பின்கால் 747இல் ஆரம்பித்தது. முன்கால் 13 பிக்சல் தடிமன், பின்கால் 11. ஆக, பின்கால் முன்காலை ஒட்டி உரசிக்கொண்டு நின்றது. கணக்குப்படி அது சரிதான். ஆனால் மாடலிடம் கொடுத்தபோது இரண்டையும் சேர்த்து ஒரே தடித்த காலாக்கிவிட்டது, மேசை மூன்று காலில் நின்றது. அண்ணன் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது: "இடது பக்கம் பின்கால் எங்கப்பா?"

இதற்கு ப்ராம்ப்ட்டில் four legs என்று எத்தனை முறை எழுதியும் பயனில்லை. இடத்தை மாற்றுவதுதான் வழி. மறைபுள்ளியிலிருந்து விலகினால் பின்கால் அதிகம் நகரும். மேசையை ஓர் அடிக்குச் சற்றுமேல் வலப்பக்கம் தள்ளி இடது முன்காலை 850இல் வைத்தேன். இப்போது பின்கால் 823இல் வந்தது, இரண்டு காலுக்கும் நடுவே 16 பிக்சல் வெளிச்சம். நான்கு கால்களும் நான்கு கால்களாகத் தெரிந்தன. முன்கால் இப்போது ஓட்டு மூலையில் இல்லை, அதில் குறையொன்றுமில்லை. நீளத்தை எண்ண ஓடு உதவினால் போதும்.

மேசையை அறைக்குக் கோணலாக வைக்க விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்போது மேசையின் விளிம்புகள் அறையின் மறைபுள்ளிக்குப் போகாது, அவற்றுக்கென்று வேறு இரண்டு மறைபுள்ளிகள் இருக்கும். ஆனால் அந்த இரண்டும் இதே கண்மட்டக் கோட்டின் மேல்தான் விழ வேண்டும். மேல்விளிம்பை நீட்டிப் பார்த்து அது கண்மட்டக் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் எதிர்க்கோட்டைச் சந்தித்தால், மேசை வேறு அறையிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

வண்ணக் கட்டையை மேசையாக்குவது

கணக்கிட்ட புள்ளிகளில் கிரிட்டாவில் மேசையை வரைந்தேன். வரைந்தேன் என்பதைவிடப் பூசினேன் என்பது சரி. மேற்பலகைக்கு வெளிர் பழுப்பு, முன் சட்டத்துக்குக் கொஞ்சம் அடர் பழுப்பு, நான்கு கால்களுக்கு நான்கு குச்சி. ஜன்னல் இடப்பக்கம் என்பதால் கால்களின் வலது முகத்தை இருட்டாக்கினேன். ஒவ்வொரு காலடியிலும் மெல்லிய கருந்தீற்று, அது வலப்பக்கம் மங்கலாக நீள்கிறது. நுணுக்கம் எதுவும் வேண்டாம். மாடலுக்கு இங்கே இடமும் அளவும் வெளிச்சமும் மட்டும் சொல்கிறோம், மரத்தின் ரேகையை அது பார்த்துக்கொள்ளும்.

அடுத்து இன்பெயின்ட், அதாவது படத்தில் நாம் குறித்த பகுதியை மட்டும் மாடலை மறுபடி வரைய வைப்பது. அந்தப் பகுதியைக் குறிக்கப் போடும் பூச்சுதான் மாஸ்க். மாஸ்க் போடுவதில்தான் கால் தரையில் படுவதும் படாததும் முடிவாகிறது. மாஸ்க்கை மேசையின் உருவத்தோடு வெட்டினாற்போல நிறுத்தினால், காலுக்குக் கீழே உள்ள தரை பூட்டப்பட்டுவிடும். அந்தத் தரையில் நிழல் போட மாடலுக்கு அனுமதியே இல்லை. மேசை எவ்வளவு அழகாக வந்தாலும் வெள்ளைத் தரையின் மேல் வெட்டி ஒட்டினதாகத்தான் தெரியும். அதனால் மாஸ்க் காலடியையும் தாண்டிப் போக வேண்டும். வெளிச்சம் இடப்பக்கம் என்பதால் வலப்பக்கம் ஓர் அடி, அதாவது 80 பிக்சல் கூடுதலாக. ஓடு பளபளப்பானது, பிரதிபலிப்பும் வேண்டும் என்பதால் கீழ்ப்பக்கம் படத்தின் அடி விளிம்பு வரை. மேசைக்கு இடையே தெரியும் சுவரும் உள்ளே வந்துவிடும், பரவாயில்லை.

```
living room, simple teak writing desk with four straight square legs standing on
glossy white floor tiles, dark contact shadow under each foot, soft shadow falling
to the right, faint reflection in the tiles, daylight from left window, photo
```

எதிர்மறை ப்ராம்ப்ட்டில் floating என்று போடுவதை நான் நம்பியிருக்கவில்லை. மிதக்காதே என்று சொல்வதைவிடக் காலடியில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்வது பலன் தருகிறது. நிழல் எந்தப் பக்கம், தரை பளபளப்பா சொரசொரப்பா, வெளிச்சம் எங்கிருந்து என்ற மூன்றும் ப்ராம்ப்ட்டில் இருந்தாலே காலடி கெட்டிப்படும்.

ஃபோர்ஜில் `Inpaint area` என்ற இடத்தில் `Whole picture` தேர்ந்தெடுத்தேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். `Only masked` என்று வைத்தால் மாஸ்க் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, அங்கே வரைந்து, திரும்ப ஒட்டுகிறது. வெட்டிய துண்டில் கதவு இல்லை, தரை ஓட்டமும் பாதிதான். அறையின் சட்டங்கள் கண்ணில் படாததால் மாடல் தன் பழக்கத்துக்கு ஒரு மேசை வரைந்துவிடும். உருவம் பிடிக்கும் முதல் சுற்றில் முழுப் படமும் அதன் கண் முன்னால் இருக்க வேண்டும்.

அடுத்தது `Denoising strength`, அதாவது இருக்கும் படத்தை மாடல் எவ்வளவு தூரம் மாற்றலாம் என்ற அளவு. 0.3இல் வைத்தால் நான் பூசிய பழுப்புப் பூச்சு பூச்சாகவே நின்றது. 0.9இல் வைத்தால் என் கணக்கெல்லாம் போய், மேசை கதவுப் பூட்டு உயரத்துக்குத் திரும்ப வளர்ந்தது. 0.6இலிருந்து 0.7 வரை மரம் மரமாகவும் உயரம் உயரமாகவும் இருந்தது, 0.65இல் நிறுத்தினேன். வந்த படத்தின் மேல் மீண்டும் 470இல் கோடு போட்டுப் பார்த்தேன். முன்விளிம்பு 466இல் இருந்தது. நான்கு பிக்சல் என்றால் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம், ஏற்றுக்கொள்ளலாம். ஒரு படத்தில் 440 வரை ஏறியிருந்தது. அது 4½ அங்குலம், அதைத் தள்ளிவிட்டேன்.

காலடி

உருவம் சரியானபின்பும் காலடிகள் மசமசப்பாகவே இருந்தன. இடது பின்காலின் நுனி கரைந்து ஓட்டோடு கலந்திருந்தது. இதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாடல் பிக்சல்களில் நேரடியாக வரைவதில்லை. 8 × 8 பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கி, அந்தச் சுருங்கிய படத்தில்தான் வேலை செய்கிறது. 13 பிக்சல் முன்கால் அதற்கு ஒன்றரைக் கட்டம், 11 பிக்சல் பின்கால் அதைவிடக் குறைவு. ஒன்றரைக் கட்டத்துக்குள் காலின் விளிம்பு, அடி, நிழல், பிரதிபலிப்பு எல்லாவற்றையும் எப்படி அடக்கும்? ப்ராம்ப்ட்டை எத்தனை விதமாக மாற்றினாலும் தீராத குறை இது. நல்ல மேசை மெல்லிய காலில் மிதப்பதன் பெரும்பங்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் `Only masked` கைகொடுக்கிறது. முதல் சுற்றில் தவிர்த்த அதே வசதி இப்போது வேண்டும். ஒரு காலின் கீழ்ப்பாதியையும் சுற்றியுள்ள தரையையும் மட்டும் மாஸ்க் செய்தேன். மாஸ்க்கைச் சுற்றி எவ்வளவு இடம் சேர்த்து வெட்டுவது என்பதைச் சொல்லும் `Only masked padding, pixels` இயல்பாக 32இல் இருக்கும், அதை 96 ஆக்கினேன். துண்டுக்குள் குறைந்தது ஓர் ஓட்டு இணைப்பாவது வர வேண்டும் என்பதற்காக. ஏறத்தாழ 256 பிக்சல் அகலத் துண்டு 1024க்குப் பெரிதாகிறது. 13 பிக்சல் கால் 50 பிக்சலைத் தாண்டுகிறது, ஆறு கட்டம் கிடைக்கிறது. இப்போது காலுக்கு ஒரு முகம், விளிம்பு, அடி எல்லாம் வரைய இடம் உண்டு. ப்ராம்ப்ட்டையும் சுருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் துண்டுக்குள்ளேயே குட்டி மேசை ஒன்று முளைக்கும்:

```
bottom of a square teak table leg standing on a glossy white floor tile,
thin dark contact shadow, faint reflection of the leg, close-up photo
```

`Denoising strength` 0.35. அதற்கு மேல் போனால் கால் நகர ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு காலாகச் செய்தேன். நான்கையும் ஒரே மாஸ்க்கில் போட்டால் வெட்டும் துண்டு மேசை அளவுக்குப் பெரிதாகி, பெரிதாக்கிய பலன் போய்விடும்.

காலடி சரியா என்று பார்க்கக் கிரிட்டாவில் லெவல்ஸை இறுக்கி, அந்தப் பகுதியின் கான்ட்ராஸ்டை ஏற்றிப் பார்ப்பேன். காலின் அடிக்கோட்டில்தான் நிழல் மிக இருட்டாக இருக்க வேண்டும். கால் அழுத்தும் இடத்தில் வெளிச்சம் நுழைய வழியில்லை, விலக விலகத்தான் வெளிச்சம் வரும். காலுக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு வெளிர்கீற்று தெரிந்தால், ஒரு பிக்சல் தடிமன் இருந்தாலும், மேசை தூக்கிவிட்டதாகக் கண்ணுக்குப் படும். வலது முன்காலில் அப்படியொரு கீற்று இருந்தது. அதற்கு மாடலைத் திரும்ப ஓட்டவில்லை. மிக மெல்லிய தூரிகையில் அடர் சாம்பலை அந்தக் கீற்றின் மேல் கையாலேயே இழுத்துவிட்டேன். கறுப்பு வேண்டாம், வெள்ளை ஓட்டில் சுத்தக் கறுப்பு துளைபோல் தெரியும். பழுப்பு கலந்த சாம்பல் சரியாக உட்கார்ந்தது.

பிரதிபலிப்பில் ஒரு வேடிக்கையான பிழை நுழைந்திருந்தது. படத்தின் அடி விளிம்பையொட்டிப் பழுப்பாக ஒரு பட்டை, மேற்பலகையின் நிழலுருவம் மாதிரி. பார்க்க நம்பும்படி இருந்தது, ஆனால் வரவே கூடாதது. பளபளப்பான தரையில் தெரியும் உருவம் காலடியிலிருந்து தொடங்கித் தலைகீழாக அதே உயரம் இறங்கும். முன்கால் 670இல் ஊன்றி 200 பிக்சல் உயர்ந்தால், அதன் பிரதிபலிப்பு 870 வரை இறங்க வேண்டும். படம் 768இலேயே முடிந்துவிடுகிறது. பின்பக்கம் 622இலிருந்து 170 இறங்கினாலும் 792. ஆகவே இந்தச் சட்டத்துக்குள் கால்களின் பிரதிபலிப்பு மட்டும்தான் இருக்க முடியும், மேற்பலகை வராது. அந்தப் பட்டையை மட்டும் மாஸ்க் செய்து வெறும் ஓட்டாக்கினேன். படம் இன்னும் உயரமாக இருந்து பலகை தெரியும் நிலை வந்தாலும், தெரிய வேண்டியது அதன் அடிப்பக்கம். எழுதும் மேல்பக்கம் தரையில் தெரிந்தால் அது பொய்.

எங்கே இது உதவாது

ஓடு இல்லாத தரையில், சிமெண்டுத் தரையோ விரிப்பு போட்ட தரையோ ஆனால், மறைபுள்ளிக்குச் சுவரும் தரையும் சேரும் பக்கக் கோடுகளைத்தான் நம்ப வேண்டும். அவை இரண்டே இருக்கும், மூன்றாவது சாட்சி கிடைக்காது. ஜன்னல் சட்டத்தின் மேல் கீழ்க் கோடுகள் பக்கச் சுவரில் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வட்ட மேசைக்கு ஓட்டுக் கணக்கு அப்படியே பொருந்தாது, வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் போட்டு அதை ஓட்டில் நிறுத்திவிட்டு, உள்ளே நீள்வட்டம் வரைய வேண்டும். கேமரா குனிந்து பார்க்கும் படங்களில், கதவு நிலைகள் கீழே குறுகும் படங்களில், எட்டில் ஐந்து என்ற நேர்க்கணக்கு பிசகும். அப்படிப்பட்ட அறைகளை நான் எடுப்பதேயில்லை.

மேசை நின்றபின் அண்ணன் நாற்காலியும் வேண்டும் என்றார். மேசை உயரம் சரியா என்று வாடிக்கையாளர் தாமே பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை என்றார். உட்காரும் பலகை 1½ அடி, அதாவது நாற்காலிக் கால் ஊன்றும் இடத்திலிருந்து கண்மட்டக் கோடு வரை எட்டில் மூன்று பங்கு. நாற்காலியின் முன்கால்களை 700இல் வைத்தேன், அங்கே 350 பிக்சலுக்கு 4 அடி, இருக்கையின் முன்விளிம்பு 569 வாக்கில். அதே பூச்சு, அதே 0.65, ஒவ்வொரு காலடிக்கும் தனிச் சுற்று. படத்தின் ஓரத்தில் "மாதிரிப் படம், மரத்தின் நிறமும் ரேகையும் மாறலாம்" என்று எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் அதை வாடிக்கையாளருக்கு அனுப்புமுன் போனில் பெரிதாக்கி, கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "2 அங்குலக் கால் இந்த நீளத்துக்குக் கொஞ்சம் ஒல்லியாத் தெரியுது, 2½ போட்டுக் காட்டு தம்பி" என்றார். முன்காலை 17 பிக்சலாகவும் பின்காலை 14 ஆகவும் பூசி, காலடிச் சுற்றுகளை மறுபடி ஓட்டிக் கொடுத்தேன். மேசை அந்த அளவிலேயே அறுப்புக்குப் போயிருக்கிறது.